மாதாமாதம் சோதித்த பேக்கப், தேவைப்பட்ட நாளில் திறக்கவில்லை

கரையோரம்

யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

லேப்டாப்பின் எஸ்எஸ்டி ஒரு நாள் காலையில் செத்துவிட்டது. பயாஸில்கூடத் தெரியவில்லை. நான் பதறவில்லை. ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல் தினமும் இரவு வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது. மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்து, படங்களைத் திறந்தும் பார்ப்பேன். ஒரு முறைகூடப் பிசகியதில்லை.

புது லேப்டாப் வந்ததும் டிஸ்க்கைச் சொருகினேன். `enter password for repository:` என்று கேட்டது. அந்தக் கேள்வியை நான் ஒன்றரை வருடமாகப் பார்த்ததே இல்லை! ஆரம்பத்தில் நீளமாக ஒரு பாஸ்வேர்ட் உருவாக்கி ஒரு ஃபைலில் போட்டு, `RESTIC_PASSWORD_FILE` என்று அதற்கு வழிகாட்டியிருந்தேன். தானாக ஓட வேண்டுமென்றால் அப்படித்தானே செய்ய வேண்டும். அந்த ஃபைல் செத்துப்போன எஸ்எஸ்டியில் இருந்தது. அதன் பிரதி எங்கே என்றால், நான் திறக்க முடியாமல் நிற்கும் இதே பேக்கப்புக்குள்.

`Fatal: wrong password or no key found`. அந்த வரியை அன்று எத்தனை முறை பார்த்தேனோ. டிஸ்க் நன்றாக இருக்கிறது. 180 ஜிபி அப்படியே இருக்கிறது. பொருளில்லாத எழுத்துக்குவியலாக இருக்கிறது.

செம்பருத்தி

இதனால்தான் நான் ஹார்டு டிஸ்க் பக்கமே போவதில்லை. போட்டோ எல்லாம் கூகுள் போட்டோஸில், டாக்குமெண்ட் எல்லாம் ஒன்டிரைவில். போன் தொலைந்தாலும் லேப்டாப் எரிந்தாலும் லாகின் செய்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். தனியாகச் சோதிக்கவும் வேண்டியதில்லை, தினமும் பயன்படுத்துவதே சோதனைதான்.

மூன்றாம் மாடி

வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான், அதைச் சொல்லிவிடுகிறேன். புது ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் போட்டேன். நம்பரைச் சரிபார்த்ததும் பேக்கப்பை மீட்டெடுக்கவா என்று கேட்டது. அவசரத்தில் இருந்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போய்விட்டேன். அந்தக் கேள்வி அந்த ஒரு இடத்தில்தான் வரும் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே செட்டிங்ஸ் முழுக்கத் தேடியும் மீட்டெடுக்கும் பட்டன் இல்லை.

அன்றைக்கே ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டிருந்தால் மறுபடி கேட்டிருக்கும். நான் மறுநாள்தான் செய்தேன். அதற்குள் இரவில் தானியங்கி பேக்கப் ஓடி, காலியான புதுக் கணக்கை கூகுள் டிரைவில் பழையதன் மேல் எழுதிவிட்டது. அப்பா கடைசியாக அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. பழைய போனை அழித்துக் கொடுத்துவிட்டேன்.

கரையோரம், உங்களுடைய வாட்ஸ்அப் பேக்கப் எந்த ஜிமெயிலில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

பழைய விசைப்பலகை

மூன்றாம் மாடி, அவர் கேட்பது லேப்டாப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னது நெஞ்சை அடைக்கிறது. பழைய போனை அழிப்பதற்கு முன்பு இதைப் படிப்பவர்கள் அந்தப் போனில் வாட்ஸ்அப்பின் `Databases`, `Media` ஃபோல்டர்களைத் தேடி வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சில நாட்களின் அரட்டை பேக்கப் முதலாவதில் இருக்கும், குரல் பதிவுகள் இரண்டாவதில் இருக்கும்.

செம்பருத்தி, நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. ஒரு இடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்குவது ஒத்திசைவு, அதை பேக்கப் என்று நான் ஏற்கமாட்டேன். கூகுள் போட்டோஸில் ஏறிய படத்தை நீக்கினால் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு போய்விடும். என் அக்கா 61வது நாளைத் தாண்டித்தான் கவனித்தார். இன்னொன்று: போன் தொலைந்த அன்று லாகின் செய்யும்போது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எங்கே போகும்? தொலைந்த போனுக்கேதான். சிம்மும் அதோடு போயிருக்கும். கூகுள் கணக்கில் 10 மாற்றுக் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம். அவற்றை அச்சிட்டு வைத்திருக்கிறீர்களா?

கரையோரம், வருத்தத்துடன் சொல்கிறேன், அந்த டிஸ்க்கை மட்டும் வைத்துத் திறக்க வழியில்லை. ரெஸ்டிக்கில் பின்வாசல் கிடையாது. எஸ்எஸ்டியைத் தரவு மீட்பவர்களிடம் காட்டுங்கள். கன்ட்ரோலர் மட்டும் போயிருந்தால் சில சமயம் முடியும், அந்த ஒரு சின்ன ஃபைல் கிடைத்தாலே போதும்.

உங்கள் சோதனை பொய்யில்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது, தரவு சரியாக இருக்கிறது என்பதை அது காட்டியது. ஆனால் உயிரோடு இருந்த லேப்டாப்பில் உட்கார்ந்து சோதித்தீர்கள். எது போய்விடும் என்று பயந்து பேக்கப் எடுக்கிறோமோ, அதன் உதவியோடே மீட்டுப் பார்த்திருக்கிறீர்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்வேன்: தம்பியின் லேப்டாப்பைக் கடன் வாங்கி, டிஸ்க்கையும் பாஸ்வேர்ட் எழுதிய ஒரு தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருவேன். என் போன் வேறு அறையில் இருக்கும். அப்போதுதான் என்னென்ன குறைகிறது என்று தெரியும்.

பேக்கப் இன்னும் திறக்கிற நிலையில் இருப்பவர்கள் இன்றே இரண்டாவது பாஸ்வேர்ட் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பழையதும் வேலை செய்யும், இரவு பேக்கப் தடைபடாது.

```
restic -r E:\backup key add
restic -r E:\backup restore latest --target D:\sodhanai
```

முதல் வரி புது பாஸ்வேர்ட் கேட்கும். நீங்கள் தாளில் எழுதக்கூடியதாக, ஐந்தாறு சொற்களாக வையுங்கள். இரண்டாவது வரியைக் கடன் வாங்கிய லேப்டாப்பில் ஓட்டுங்கள். `restic check` மட்டும் ஓட்டித் திருப்தி அடையாதீர்கள். சும்மா ஓட்டினால் அது பட்டியல் சரியா என்றுதான் பார்க்கும், தரவை முழுதாகப் படிக்காது. படிக்க வைக்க `--read-data` சேர்க்க வேண்டும், பெரிய டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஆகும்.

வெண்கலமணி

தாளில் பாஸ்வேர்ட் எழுதச் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். டிஸ்க்கும் தாளும் ஒரே வீட்டில் இருந்தால் என்க்ரிப்ஷன் எதற்கு? பாஸ்வேர்ட் மேனேஜரில் வையுங்கள். அதன் முதன்மை பாஸ்வேர்ட் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.

பழைய விசைப்பலகை

அந்த மேனேஜரைப் புது லேப்டாப்பில் திறக்க என்ன கேட்கும் என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். என்னுடையது போனில் வரும் குறியீட்டைக் கேட்டது. தாளை நான் என் வீட்டில் வைக்கவில்லை, அக்கா வீட்டில் இருக்கிறது.

வெண்கலமணி

அக்கா வீட்டிலும் திருடு போகலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

செம்பருத்தி

மாற்றுக் குறியீடு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போதுதான் அச்சிட்டேன். குப்பைத்தொட்டி விஷயத்தை இன்னும் யோசிக்கிறேன். என் போனில் எடுத்த படங்களுக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

கரையோரம்

எஸ்எஸ்டியை மீட்பவர்களிடம் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

புது லேப்டாப்பில் புதிதாக பேக்கப் தொடங்கி, பழைய விசைப்பலகை சொன்னபடி நேற்று நண்பரின் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். முதல் தடங்கல், அதில் ரெஸ்டிக்கே இல்லை. இணையம் இருந்ததால் இறக்கிக்கொண்டேன், இனி அந்த நிரலையும் டிஸ்க்கிலேயே வைக்கிறேன். அடுத்தது என் கையெழுத்து. தாளில் இருந்த ஒரு எழுத்து சின்ன `l`-ஆ, எண் `1`-ஆ, பெரிய `I`-ஆ என்று எனக்கே தெரியவில்லை. மூன்று முறை `wrong password` வந்தது, கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நான்காம் முறை திறந்தது. இன்று காலையில் குழப்பமில்லாத சொற்களாக இன்னொரு பாஸ்வேர்ட் சேர்த்து, பெரிய எழுத்தில் அச்சிட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.