நாய் இறந்ததைக் குழந்தையிடம் எப்படிச் சொன்னீர்கள்?

இரு பிள்ளைகளின் தாய்:
சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த எங்கள் 14 வயது நாய்க்கு மருத்துவர் கடைசி ஊசியைப் போட்ட அன்று, 5 வயது மகளிடம், "டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்" என்று சொன்னேன். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து டாக்டரிடம் கொண்டுபோனபோது, ஊசியைக் கண்டதும் மேசைக்கடியில் புகுந்துகொண்டு, "எனக்குத் தூக்கம் வேண்டாம்" என்று கதறினாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய உறுப்பினர்:
இந்த வயதில் எதுவும் மனத்தில் தங்காது. எங்கள் நாய் இறந்த ஒரு மணி நேரத்தில் என் மகன் பந்து விளையாடப் போய்விட்டான். இறந்தது என்றால் மீண்டும் வராது என்பதே சின்னக் குழந்தைகளுக்குப் புரியாது. அதே வாரம் ஒரு குட்டியைக் கொண்டுவந்துவிடுங்கள்.

கால்நடை மருத்துவர்:
புரியாது என்பது பெருமளவு சரிதான். தங்காது என்பதை நான் ஏற்கவில்லை. சின்னக் குழந்தைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும். நடுவில் விளையாடுவதை மறதி என்று எண்ணிவிடக் கூடாது. "இறந்துவிட்டது, அதன் உடம்பு இனி மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது" என்று நேராகச் சொல்லி, நாய்க்குப் போட்டது காய்ச்சலுக்குப் போடும் மருந்தே அல்ல என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். கடைசி ஊசி போடும்போது அருகில் இருக்க விரும்பும் பெரிய பிள்ளைகளுக்கு, கண்கள் திறந்தே இருக்கும் என்பதையும், இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம் என்பதையும் நான் முன்பே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்ட ஒருமுறை, ஒரு சிறுவன் "உயிர் இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

பெயர் வேண்டாம்:
எங்களுடையது ஊசி விவகாரம் அல்ல. நாய் தானாகவே இறந்தது. செருப்பைக் கடித்ததற்காக, அதற்கு முந்தின நாள், "செத்துப் போ" என்று என் 7 வயது மகன் அதைத் திட்டியிருக்கிறான். மூன்று வாரம் கழித்து, இருட்டில், "நான் சொன்னதால்தானே?" என்று கேட்டான். இதயநோய் என்று எத்தனை முறை விளக்கியும் அவன் நம்பியதாகத் தெரியவில்லை. குட்டி வாங்கச் சொல்பவர் இதற்கு என்ன சொல்வார்?

பழைய உறுப்பினர்:
நான் என் வீட்டில் கண்டதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

இரு பிள்ளைகளின் தாய்:
மருத்துவர் சொன்ன சொற்களிலேயே நேற்று சொன்னேன். அமைதியாகக் கேட்டவள், "நாளைக்கு வருமா?" என்றாள், வராது என்றேன். பல் தேய்க்கும்போது திரும்பவும் அதையே கேட்டாள். திரும்பவும் வராது என்றேன். அவள் தூங்கிய பிறகு, அதுவரை ஒன்றும் பேசாதிருந்த 10 வயது மகன் வந்து, "ஊசி போடச் சொன்னது நீங்களா, அம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் தன் அறைக்குப் போய்விட்டான். காலையிலும் என்னுடன் பேசவில்லை.