முதல் வெடிப்பு கேட்டது, ஆனால் உள்ளே பச்சை: உங்கள் அனுபவம் என்ன?

இளவேனில்
வீட்டில் பச்சைக் காபிக்கொட்டை வறுப்பவர்கள், சூட்டில் கொட்டை சத்தத்தோடு பிளக்கத் தொடங்குகிற முதல் வெடிப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு நடந்ததை முதலில் சொல்கிறேன். கனமான இரும்பு வாணலி, 150 கிராம் கொட்டை, அடுப்பைக் கூட்டி வைத்து மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது நிமிடத்தில் 'டப்' என்று ஒன்று, அப்புறம் இரண்டு மூன்று. சரி, முதல் வெடிப்பு வந்துவிட்டது என்று அங்கிருந்து ஒன்றரை நிமிடம் எண்ணி இறக்கிவிட்டேன். பார்க்க நல்ல பழுப்பு, சிலவற்றில் கரும்புள்ளி. மறுநாள் குடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் கரிந்த கசப்பு, இன்னொரு பக்கம் பச்சைப் புல் வாசனையும் கூசும் புளிப்பும். ஒரே காபியில் இரண்டும் எப்படி வரும்?

கதிர்
இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். வெடிச் சத்தம் கேட்டு நின்றதும் இறக்கினால் லைட், இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் மீடியம், மேலே எண்ணெய் கசிந்தால்தான் முழுசாக வறுபட்டது என்று அர்த்தம். நீங்கள் எண்ணெய் வரும்வரை விடவில்லை, அதனால் பச்சை வாசனை. நான் நிறத்தை மட்டும்தான் பார்ப்பேன், கடிகாரம்கூடக் கிடையாது. ஒன்று மட்டும், இறக்கியதும் சூட்டோடு பாத்திரத்தில் மூடி வைக்காதீர்கள். உள்ளே இருக்கிற சூட்டிலேயே அது இன்னும் வறுபட்டுக்கொண்டு போகும். இரண்டு சல்லடையில் மாற்றி மாற்றிக் கொட்டி, இரண்டு மூன்று நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

முத்துக்குமரன்
கதிர் ஆறவைப்பது பற்றிச் சொன்னது சரி. எண்ணெய் விஷயம் அப்படி இல்லை. மேற்பரப்பில் எண்ணெய் தெரிவது இரண்டாம் வெடிப்பை ஒட்டி, அதாவது டார்க் பக்கம் போனபிறகு. மீடியம் வறுப்பில் கொட்டை இறக்கும்போது உலர்ந்துதான் இருக்கும். எண்ணெய்க்காகக் காத்திருந்தால் இளவேனிலின் கரும்புள்ளிகள் மொத்தமும் கரியாகிவிடும்.

இளவேனில், இரண்டு விவரம் வேண்டும். வறுத்தபிறகு எடை பார்த்தீர்களா? வெடிக்கத் தொடங்கும்போது வாணலியில் வெளிர்மஞ்சள் கொட்டைகள் இன்னும் இருந்தனவா?

மீனாட்சி
எனக்கு வெடிச் சத்தமே வருவதில்லை! போன வாரம் வாங்கிய கொட்டை பச்சையாகக்கூட இல்லை, ஏற்கெனவே பழுப்பாக இருந்தது. மஞ்சளாவது, வாசனை மாறுவது என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், அது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பழைய கொட்டையைத் தலையில் கட்டிவிட்டார்களோ?

முத்துக்குமரன்
மீனாட்சி அம்மா, பையில் டிகாஃப் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

மீனாட்சி
ஆமாம், டிகாஃப்தான். இரவில் குடிப்பதற்காக வாங்கினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முத்துக்குமரன்
காஃபீனை எடுப்பதற்காகக் கொட்டையை ஊறவைத்து மறுபடி உலர்த்துகிறார்கள். அதில் நிறம் ஏற்கெனவே பழுப்பாகிவிடும், வெடிப்பும் மெலிந்த சத்தத்தோடு போய்விடும். கண்ணை நம்பினால் எப்போதும் வறுத்தது போலவேதான் தெரியும். உங்களுக்கு வாசனையும் எடையும்தான் துணை. வறுக்கப் பழகுகிறவரை டிகாஃப் வேண்டாம் என்பது என் கருத்து.

இளவேனில்
எடை பார்த்தேன் சார். 150 போட்டதில் 133 கிராம் வந்தது. மஞ்சள் கொட்டை இருந்ததா என்றால், ஆமாம், நிறையவே இருந்தது. கிளறக் கிளறக் கலந்துவிடும் என்று நினைத்தேன்.

முத்துக்குமரன்
விடை அதில்தான் இருக்கிறது. எடையில் குறைந்திருப்பது 17 கிராம், அதாவது நூற்றுக்குப் பதினொன்றை ஒட்டி. பச்சைக் கொட்டையில் ஈரம் மட்டுமே பத்து முதல் பன்னிரண்டு சதவீதம் இருக்கும். உங்கள் கொட்டை மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய உலர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் வெடிப்பை முழுதாகத் தாண்டிய லைட் வறுப்பில் பன்னிரண்டு, பதின்மூன்று குறையும். மீடியம் என்றால் பதினைந்தை ஒட்டி இருக்கும், 150 கிராம் 127, 128 ஆகியிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட சத்தமும் பொய்யில்லை. அது வாணலியின் அடியை ஒட்டிக் கிடந்த சில கொட்டைகளின் வெடிப்பு. கொட்டை ஏறக்குறைய 195, 200 டிகிரி செல்சியஸைத் தொடும்போது உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் அழுத்தம் தாங்காமல் அதைப் பிளந்துகொண்டு வெளியேறுகின்றன. கொட்டையின் தட்டையான பக்கம் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் முன்னாலேயே கரியும், அந்தச் சில கொட்டைகள் முந்திக்கொண்டு வெடிக்கும். மற்றவை இன்னும் மஞ்சளில் இருக்கும். நீங்கள் முந்திய நாலைந்து கொட்டைகளுக்காகக் கடிகாரத்தைத் தொடங்கி, மொத்தத்தையும் இறக்கிவிட்டீர்கள். கசப்பு அந்தச் சிலவற்றிலிருந்து வருகிறது, புல் வாசனை மீதியிலிருந்து.

அடுத்த முறை 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள், அடுப்பு நடுத்தரமாக இருக்கட்டும். முதல் வேலை, எல்லாக் கொட்டையும் ஒன்றுபோல மஞ்சளாவது. நாலைந்து நிமிடம் ஆகும். புல் வாசனை போய்க் காய்ந்த வைக்கோல் வாசனை வரும், அப்புறம் ரொட்டி சுடுகிற வாசனை. மஞ்சள் திட்டுத்திட்டாக வந்தால் அங்கேயே சூட்டைச் சற்றுக் குறைத்து வேகமாகக் கிளறிச் சமன்படுத்துங்கள், பிறகு சரிசெய்ய முடியாது. வெடிப்பு வரும்போது ஒற்றைச் சத்தங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். இடைவெளி குறைந்து, ஒன்று முடிவதற்குள் அடுத்தது கேட்கத் தொடங்குகிற இடம்தான் ஆரம்பம். வாணலியில் அது இரண்டு மூன்று நிமிடம் நீளும். அதற்குள் அடுப்பை அணைக்கிற அளவுக்குக் குறைத்துவிட்டாலும் கெடுதல்தான். வெடிப்பு நடுவில் நின்றுபோகும், காபி சப்பென்று இருக்கும்.

நவீன்
நான் பாப்கார்ன் மெஷினில் வறுக்கிறேன். அதில் சிக்கல் நேர்மாறு. கொட்டையெல்லாம் காற்றில் சுழல்வதால் ஒன்றுபோல வறுபடும், ஆனால் விசிறிச் சத்தத்தில் வெடிப்பு காதில் விழாது. நான் பழகிக்கொண்ட அடையாளம் தோல் சருகு. மஞ்சளைத் தாண்டியதிலிருந்து அது பறந்து வெளியே கொட்டும், வெடிப்பு முடியும்போது ஏறக்குறைய நின்றுவிடும். அந்த இடத்தில் புகையும் மாறும். அதுவரை வந்தது ஈர ஆவி, இனி வருவது லேசான நீலப்புகை. காதை மெஷினின் வாய்க்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் கேட்கும்.

மெஷின் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சூடான காற்று உள்ளறையின் பக்கச் சுவரிலிருந்து வரும் வகை மட்டும் வாங்குங்கள். அடித்தட்டில் வலை இருந்து அதன் வழியாகக் காற்று வருகிற வகையில் சருகு வலைக்குள் விழுந்து சூட்டுக்கம்பியில் தீப்பிடிக்கலாம். எந்த வகையானாலும் ஓடும்போது அறையை விட்டுப் போகக்கூடாது.

என் கேள்வி இதுதான். 100 கிராம் போட்டால் மூன்றரை நிமிடத்திலேயே வெடிப்பு வந்துவிடுகிறது. குடித்தால் இளவேனில் சொன்ன அதே புளிப்பு, கரிந்த கசப்பு மட்டும் இல்லை. அளவைக் கூட்டினால் மெதுவாகுமா?

கதிர்
கூட்டுங்கள். அதிகக் கொட்டை, அதிக நேரம். சமையலில் எல்லாமே அப்படித்தானே.

முத்துக்குமரன்
வாணலியில் அப்படித்தான். இந்த மெஷினில் தலைகீழ். கொட்டை கூடினால் காற்றோட்டம் தடைபடும், மெதுவாகப் போகிற காற்று சூட்டுக்கம்பியில் இன்னும் சூடேறும், வறுப்பு வேகமாகும். 100 போடுவதை 75, 80 ஆக்கிப் பாருங்கள். நன்றாகச் சுழன்றால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வெடிப்பு வரும்படி ஆனாலே சுவை மாறியிருப்பது தெரியும். ரொம்பக் குறைத்தால் கொட்டை வெளியே துள்ளும், சூடும் ஏறாது, அந்த எல்லை ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு.

நவீன்
75 கிராம் போட்டேன் அண்ணா. வெடிப்பு ஐந்தாவது நிமிடம் தாண்டி வந்தது. கூசும் புளிப்பு போய்விட்டது. ஆனால் சில கொட்டை வெளியே எகிறி விழுகிறது, மூடியை இன்னும் சரிசெய்ய வேண்டும்.

இளவேனில்
நானும் மறுபடி வறுத்தேன். 100 கிராம், நடுத்தரச் சூடு. ஐந்து நிமிடத்தில் எல்லாம் மஞ்சள். எட்டரையில் ஒற்றை 'டப்', கண்டுகொள்ளவில்லை. ஒன்பதரையில் தொடர்ச்சியாக ஆரம்பித்தது. பதினொன்றரையில் இறக்கினேன், சத்தம் ஓய்ந்து சுருக்கம் விழுந்திருந்த கொட்டையெல்லாம் சற்று வழுவழுப்பாகியிருந்தது. எடை 85 கிராம். ஒன்றை நடுவே வெட்டிப் பார்த்தேன், உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே நிறம். காபியில் புல் வாசனை இல்லை. ஆனால் ஒரு கைப்பிடியளவு கொட்டை மட்டும் வெளிறியே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வறுத்திருக்க வேண்டுமா?

கதிர்
கிளறியது போதவில்லை. அந்தச் சிலவற்றுக்குச் சூடு எட்டவில்லை.

முத்துக்குமரன்
கிளறல் குறையாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் வெளிறியதில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். உள்ளே கடினமாகவும் பச்சை வாசனையாகவும் இருந்தால் சூடு எட்டவில்லை. மொறுமொறுவென்று உடைந்து, வேர்க்கடலை வாசனையும் மாவுச் சுவையுமாக இருந்தால் அது பழுக்காத காயிலிருந்து வந்த கொட்டை. அதில் சர்க்கரை குறைவு, எவ்வளவு வறுத்தாலும் மற்றவற்றின் நிறத்துக்கு வராது. பொறுக்கி எறிந்துவிடுங்கள். பச்சையாக இருக்கும்போது கண்ணுக்கு அகப்படாது, வறுத்தபிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

இளவேனில்
மொறுமொறுவென்றுதான் உடைந்தது. வேர்க்கடலை வாசனையும் இருக்கிறது. பொறுக்கிவிட்டேன், ஆறு கிராம் போனது.

மீனாட்சி
அப்படியானால் என் டிகாஃபுக்கு எடைக் கணக்கு போதுமா? அதில் ஈரம் எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்?

முத்துக்குமரன்
அதில் நான் உறுதியாகப் பேசமாட்டேன் அம்மா. ஊறவைத்துத் திரும்ப உலர்த்திய கொட்டை, ஈரம் ஒவ்வொரு பைக்கும் மாறலாம். பதின்மூன்று சதவீதம் குறைந்தபோது ஒரு பிடி, பதினைந்தில் ஒரு பிடி என்று எடுத்து வைத்து மறுநாள் இரண்டையும் குடித்துப் பாருங்கள். எந்த எடை உங்கள் நாக்குக்குப் பிடிக்கிறதோ அதை அந்தப் பைமேலேயே எழுதி வையுங்கள்.

கதிர்
மறுநாள் எதற்கு? நான் ஆறியதும் அரைத்துவிடுவேன், ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை.

நவீன்
எனக்குத் தெரிகிறது. அன்றே குடித்தால் நுரை பொங்குகிறது, சுவை மெலிந்திருக்கிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. நீங்கள் டார்க்காக வறுப்பதால் தெரியவில்லையோ என்னவோ.

கதிர்
இருக்கலாம். இந்த வாரம் பாதியை எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.