தங்கச்சிக்கு ஜெர்மனியில் வீட்டு ஏக்கம், போனைக் குறைக்கலாமா?

தேனிக்காரன்:
தங்கச்சி அக்டோபரில் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போனாள், மாக்டபர்க். போன புதிதில் நன்றாகத்தான் இருந்தாள். இப்போது தினம் மூன்று தடவை வீடியோ கால், பாதி நாள் அழுகை, திரும்பி வந்துவிடுகிறேன் என்கிறாள். பேசப் பேசத்தான் ஏக்கம் கூடுகிறது, வாரம் ஒரு தடவை போதும் என்கிறார் அப்பா. அம்மா ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், குறைப்பது சரியா?

முருகேஷ்_பிராங்க்பர்ட்:
அப்பா சொல்வதுதான் சரி. இங்கே ஒன்பது வருடமாக இருக்கிறேன், வருடா வருடம் இதையே பார்க்கிறேன். முதல் இரண்டு மூன்று மாதம் தேனிலவு மாதிரி, பனியைப் பார்த்தால் போட்டோ, டிராமைப் பார்த்தால் போட்டோ. அப்புறம் ஒரு பள்ளம். அதில் விழாதவன் யாருமே இல்லை. ஆறாவது மாதம் தானாக ஏறிவிடுவார்கள், இதற்கு யூ வளைவு என்று பெயரே இருக்கிறது. பள்ளத்தில் கிடக்கும்போது நீங்கள் தினமும் கயிறு போட்டு ஊர்ப்பக்கம் இழுத்தால் எப்படி ஏறுவாள்? நான் வந்த முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டுக்குப் பேசுவேன், அதுவும் இருபது நிமிடம். செத்தா போய்விட்டேன்.

குமரன்77:
வாட்ஸ்அப்பில் பேசினால் காசே ஆகாதே, எதற்குக் குறைக்க வேண்டும்? வைஃபை இல்லையென்றால் அங்கேயே மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிற சிம் கிடைக்கும்.

தேனிக்காரன்:
காசுப் பிரச்சினை இல்லை அண்ணா :)

கவிநிலா:
மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள்தான் வருவார்கள். முருகேஷ் சொன்ன யூ வளைவை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதை நம்பித்தான் பல வீடுகளில் 'ஆறு மாதம் பொறு' என்று விட்டுவிடுகிறார்கள். அது 1955-இல் லிஸ்கார்ட் என்பவர் எழுதியது. அமெரிக்கா போய்வந்த ஏறக்குறைய 200 நார்வேக்காரர்களிடம் கேட்டு எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாக இருந்தார்கள், ஆறு முதல் பதினெட்டு மாதம் இருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள், அதற்கு மேல் இருந்தவர்கள் மறுபடி நன்றாக இருந்தார்கள். கவனியுங்கள், மூன்றும் வேறு வேறு ஆட்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்து அவன் விழுந்து எழுந்ததைக் கண்டு எழுதியதில்லை. பின்னால் கொலீன் வார்ட் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்து இறங்கியதிலிருந்து ஒரு வருடம் தொடர்ந்து கேட்டார்கள். மனக்கஷ்டம் மிக அதிகமாக இருந்தது வந்த புதிதில்தான், தேனிலவையே காணோம். அதனால் ஒருத்தி அக்டோபரில் நன்றாக இருந்து இப்போது அழுகிறாள் என்றால், வளைவு அவளைத் தள்ளிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

தம்பி, மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். அழுகை எந்த வாரத்தில் தொடங்கியது? கால் எத்தனை மணிக்கு, அவள் ஊர் நேரத்தில்? போனில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள், அவள் பேசுவது கிடக்கட்டும், நீங்கள்?

முருகேஷ்_பிராங்க்பர்ட்:
ஜப்பான்காரன் நியூசிலாந்து போனதை வைத்து நம்ம ஊர்ப் பெண்ணுக்கு மருந்து சொல்வதா? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தினமும் வீட்டில் பேசியவன் எவனும் ஜெர்மன் கற்றுக்கொள்ளவில்லை.

வண்ணை_அக்கா:
நான் டோர்ட்முண்டில் இருக்கிறேன். 1984இல் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ரயிலில் மேற்கே வந்த ஆட்களில் நானும் ஒருத்தி. அகதி வழக்கு முடியும்வரை எங்களுக்கு என்று குறித்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வேலையும் செய்யக் கூடாது. ஊரில் எங்கட வீட்டில் போன் இல்லை. அம்மா கொழும்புக்கு வந்தால்தான் கதைக்கலாம், அது வருசத்துக்கு ஒருக்காவோ இரண்டு தரமோ. தபால் கந்தோரில் காசை எண்ணி வைத்துக்கொண்டு நிற்பேன். உண்மையைச் சொன்னால் அம்மாவின் குரல் கேட்ட அந்தக் கிழமை முழுக்க ஒரு வேலையும் ஓடாது, சாப்பாடும் இறங்காது. அந்த வகையில் முருகேஷ் தம்பி சொல்வதில் உண்மை இருக்கு. ஆனால் குரல் கேளாத மாதங்களில் நான் நல்லாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அப்போது அழுகை வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் யாரோடும் கோபம் கோபமாய்க் கதைத்தது இப்போதும் நினைவிருக்கு.

தம்பி, ஒன்று கேட்கிறேன், குறை நினைக்காதேங்கோ. ஞாயிறு மட்டும் வீட்டோடு கதைத்த நாட்களில் நீங்கள் யாரோடு குடியிருந்தீர்கள்?

முருகேஷ்_பிராங்க்பர்ட்:
நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்திருந்தோம், எல்லாரும் கோயம்புத்தூர்ப் பக்கம். அதற்கென்ன.

வண்ணை_அக்கா:
அப்ப நீங்கள் ஒவ்வொரு நாளும் வீட்டோடுதான் கதைத்திருக்கிறீர்கள் :)

தேனிக்காரன்:
கவிநிலா அக்கா, கேட்டுவிட்டேன். நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். அழுகை தொடங்கியது நவம்பர் கடைசியில். ஒரு குரூப் பிராஜெக்ட்டில் ஐந்து பேர், வகுப்பு ஆங்கிலத்தில்தான், ஆனால் அவர்கள் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வார்களாம், இவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளாம். அதே வாரத்தில்தான் ஒரு சீனியர், ஒரு பரீட்சையில் மூன்று தடவை பெயில் ஆனால் படிப்பே போச்சு என்று சொல்லியிருக்கிறான். கால் நேரம்: அம்மா சமையல் எல்லாம் முடித்து இரவு ஒன்பதரைக்கு அடிப்பாள், அங்கே மாலை ஐந்து. அது போக இவளே காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று, அப்போது இங்கே விடிகாலை மூன்று மணி, அம்மா எழுந்து பேசுவாள்.

என்ன பேசுகிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அம்மா 'சாப்பிட்டியா' கேட்டுவிட்டு அழுவாள். அப்பா போனை வாங்கினால் ஒரே கேள்விதான், பார்ட் டைம் கிடைத்ததா. வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் பேங்கில் லோன் வாங்கினோம், படிக்கும்போதே வட்டி ஏறுகிறது, அந்தக் கவலை அவருக்கு. அவள் ஒரு ரொட்டி வாங்கினாலும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறாளாம், நேற்றுத்தான் சொன்னாள்.

கவிநிலா:
இது போதும். இங்கே இரண்டு வேறு கஷ்டங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று வீட்டை விட்டு வந்த துக்கம். அதற்குப் போன் நல்லதுதான். இன்னொன்று வந்த இடம் கொடுக்கும் நெருக்கடி, பாஷை, பரீட்சை, கூட்டத்தில் ஊமையாக உட்காருவது. இரண்டாவதுக்கு வீட்டிலிருந்து மருந்து கிடைக்காது, ஆனால் வலிக்கும்போது கை போவது வீட்டு நம்பருக்குத்தான். அவளுக்கே அது வீட்டு ஏக்கம் என்றுதான் தெரியும். போனை நிறுத்தினால் பிராஜெக்ட்டில் உட்காரும் அந்த ஐந்து பேர் ஆங்கிலத்தில் பேசப்போவதில்லை.

இதில் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது, குற்ற உணர்ச்சி. வெளிநாட்டு மாணவர்களின் இந்த அழுத்தத்தை அளக்க 1994-இல் சாந்துவும் அஸ்ரபாதியும் ஒரு கேள்வித்தாள் செய்தார்கள், அதில் வீட்டு ஏக்கத்துக்குத் தனி இடம், குற்ற உணர்ச்சிக்குத் தனி இடம். வீட்டை அடமானம் வைத்து வந்தவளால் 'எனக்கு இந்தப் படிப்பு பயமாக இருக்கிறது' என்று அப்பாவிடம் சொல்ல முடியாது. 'அம்மா ஞாபகமாக இருக்கிறது' என்று சொல்லலாம், அதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அதனால் எல்லாக் கஷ்டமும் அந்த ஒரு வாசல் வழியாக வெளியே வருகிறது.

எண்ணிக்கையை விடுங்கள், நேரத்தை மாற்றுங்கள். ஜனவரியில் அங்கே நான்கு மணியைத் தாண்டியதும் இருட்டிவிடும். மாலை ஐந்து மணிதான் வகுப்பு முடிந்து மற்றவர்கள் காபிக்கோ பல்கலைக்கழக விளையாட்டுக்கோ ஒன்றாகப் போகும் நேரம், அப்போது இவள் அறைக்குள் போனில் இருக்கிறாள். அம்மாவை மதியம் பன்னிரண்டரைக்கு அடிக்கச் சொல்லுங்கள், அவளுக்குக் காலை எட்டு, பத்து நிமிடம், கிளம்பும் அவசரத்தில் அழுகைக்கு இடம் இருக்காது. நீளமாகப் பேசுவது ஞாயிற்றுக்கிழமை. அன்று கடைகள் எல்லாம் மூடியிருக்கும், விடுதி காலியாகக் கிடக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வாரத்தின் மோசமான நாள் அதுதான்.

பரீட்சை விஷயம்: மூன்று முறை என்ற விதி பல இடங்களில் உண்மைதான். ஆனால் முதல் செமஸ்டரிலேயே எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று பெரும்பாலும் கட்டாயம் இல்லை, குறித்த தேதிக்குள் பெயரை வாபஸ் வாங்கினால் அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது. அவளுடைய படிப்பின் பரீட்சை விதிகளைப் படித்துவிட்டு, அதற்கான ஆலோசகரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டைத் தள்ளிவைத்தாலே பாதி அழுகை நிற்கலாம்.

முருகேஷ்_பிராங்க்பர்ட்:
காலை எட்டு மணிக்கு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால் அன்று முழுக்க மண்டை ஊரில்தான் இருக்கும். இதை நான் ஒப்ப மாட்டேன். ஐந்து மணி கால் வேண்டாம் என்பது சரி. விடிகாலை மூன்று மணிக் கால் முதலில் நிற்க வேண்டும், அதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே? அவள் இரவு பத்தரைக்குப் பேசிவிட்டு அழுதுகொண்டு படுத்தால் எப்படித் தூங்குவாள்?

கவிநிலா:
அது நியாயம், நான் விட்டுவிட்டேன். ஏக்கம் பொதுவாகச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் வரும், படுத்ததும், எழுந்ததும். அதனால் காலைக் கால் சிலருக்கு ஒத்துவராது, ஒரு வாரம் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும். இரவில் பேசுவதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், முதலில் வாய்ஸ் மெசேஜாக மாற்றுங்கள், அம்மா காலையில் எழுந்து கேட்டுக்கொள்வாள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏக்கம் என்றால் லேபில் வேலை ஓடும்போது மறந்துவிடும், ஊரிலிருந்து வந்த பருப்புப் பொடி ருசிக்கும். வேலையிலும் மறக்கவில்லை, பொடியும் ருசிக்கவில்லை, தூக்கம் போய்விட்டது, வகுப்புக்குப் போகவில்லை என்று இரண்டு வாரம் போனால் அது வேறு. அங்கே மாணவர் நலச் சங்கத்தில் மனநல ஆலோசனை உண்டு, பல ஊர்களில் இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். பேசியது பேராசிரியருக்கோ விசா ஆபீசுக்கோ போகாது, நம் பிள்ளைகள் இதற்குப் பயந்தே போவதில்லை. செத்துப் போகலாம் என்ற பேச்சு ஒரு தடவை வந்தாலும் அன்றே மருத்துவரிடம்.

வண்ணை_அக்கா:
கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர் வரும். பிள்ளையை வரச் சொல்லுங்கோ, எங்கட வீட்டில் தங்கலாம். டொய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் சின்ன ரயில்களில் ஏறி இறங்கி வந்துவிடலாம், நேரம்தான் பிடிக்கும்.

முருகேஷ்_பிராங்க்பர்ட்:
தமிழ்க் கூட்டத்திலேயே சுற்றினால் அந்தக் குரூப்பில் கடைசிவரை சிரித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

வண்ணை_அக்கா:
நான்கு கோயம்புத்தூர்க்காரரோடு இருந்த நீங்கள் ஜெர்மன் படிக்கவில்லையோ?

தேனிக்காரன்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அவள் இரண்டு பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டாள். அப்பாவிடம் பார்ட் டைம் பேச்சை எடுக்க வேண்டாம் என்றேன், மூன்று நாள் பேசாமல் இருந்தார், இப்போது மழை பெய்ததைப் பற்றி மட்டும் பேசுகிறார். காலைக் கால் ஒத்துவரவில்லை, முருகேஷ் அண்ணன் சொன்ன மாதிரியே பஸ்ஸில் அழுதிருக்கிறாள், அதனால் மதியம் சாப்பிடும்போது மாற்றிவிட்டோம். குரூப்பில் இன்னும் ஜெர்மன்தான். நேற்று அம்மா பழக்கத்தில் அங்கே மாலை ஐந்து மணிக்கு அடித்தாள், எடுக்கவில்லை, பதறிப் போய் ஏழு தடவை அடித்தாள். தங்கச்சி வாலிபால் விளையாடப் போயிருக்கிறாள். நல்லதுதான் என்று சொன்னால் அம்மா கேட்கவில்லை, ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இதற்கு என்ன செய்வது, யாராவது சொல்லுங்கள்.