திரி நடுவில் நிற்க என்ன செய்யலாம்?
வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மா விட்டுச்சென்ற தேநீர்க் கோப்பைகளில் சோயா மெழுகுவர்த்தி வார்க்கிறேன். நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் மெழுகை 75 டிகிரி வரை உருக்கி, 60 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றினேன்.

மேலே துணிக் கிளிப்பால் திரியை நடுவில் பிடித்து வைத்தும் பயனில்லை. கோப்பையின் அடி குழிவானது. திரியின் அடியைத் தாங்கும் சிறு உலோகத் தகடு அதில் படியவில்லை. சூடான மெழுகு பட்டதும் பசை இளகி, தகடு ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. ஏற்றியபோது ஒரு பக்கம் கைவைக்க முடியாத சூடு, மறுபக்கம் மெழுகு உருகவே இல்லை. கோப்பை விரிசல் விடுமோ என்று உடனே அணைத்தேன்.

குழிவான அடியில் தகட்டை எதைக்கொண்டு ஒட்டுகிறீர்கள்? முதலில் சிறிது மெழுகு ஊற்றி, தகட்டை அதில் உறையவிட்டு, பிறகு நிரப்பினால் நிற்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் ஐந்து கோப்பைகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட இழக்க மனமில்லை.