பிரிண்ட் போட்டால் வராத பிழை

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் தோப்பு போர் மோட்டாருக்கு ஊனோ போர்டில் நானே கன்ட்ரோலர் செய்து வைத்திருக்கிறேன். ஃப்ளோ சென்சாரின் பல்ஸை இன்டரப்ட் எண்ணும். எண்ணிக்கை ஏறாவிட்டாலோ குறைந்தாலோ மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருந்தேன். மூன்று நாளுக்கு ஒருமுறை, தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் `Serial.println` போட்டுவிட்டு மூன்று வாரம் பார்த்தேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. எடுத்தேன், நான்காம் நாள் நின்றது. "அப்போ அந்தப் பிரிண்டையே விட்டுடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

9600 வேகத்தில் ஓர் எழுத்து போக ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். என் வரி 60 எழுத்து. 64 பைட் பஃபர் நிரம்பியதும் `println` காத்து நிற்கும். ஒரு மில்லிசெகண்டில் முடிந்த சுற்று 60 ஆகிவிட்டது.

அப்புறம் வழியை மாற்றினேன். DEBUG செய்தி எதையும் அனுப்பாமல், எண்ணிக்கை மாறும்போது மட்டும் அதையும் `millis()` நேரத்தையும் 32 இடமுள்ள அரேயில் சுற்றிச் சுற்றி எழுதினேன். ERROR வந்தால்தான் மொத்தமும் சீரியலில் கொட்டும். சிக்கியது இது:

```
128120 n=254
128263 n=255
128406 n=511
128407 n=256
```

வேலந்தாவளம் எலக்ட்ரீஷியன்:
கான்டாக்டர் நாய்ஸ்தான் தம்பி. சென்சார் ஒயரில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், சரியாகிவிடும்.

சித்தூர் பழைய கை:
நாய்ஸ் எண்ணிக்கையைக் கூட்டும் அண்ணா, குறைக்காது. 511 ஒரே மில்லிசெகண்டில் 256 ஆனதைப் பாருங்கள். நேரம் போடாமல் இருந்திருந்தால் நானும் சென்சாரைத்தான் திட்டியிருப்பேன். ஊனோவில் இருப்பது 8 பிட் சிப். 16 பிட் எண்ணை இரண்டு தடவையாகப் படிக்கும். கீழ் பைட்டை 255 என்று படித்த கணத்தில் இன்டரப்ட் புகுந்து எண்ணை 256 ஆக்கிவிட்டது. மேல் பைட் இப்போது 1. இரண்டும் சேர்ந்தால் 511. `volatile` போட்டாலும் இது நிற்காது.

```
noInterrupts();
uint16_t c = n;
interrupts();
```

பிழை விழும் இடைவெளி ஓரிரு கிளாக் துடிப்புதான். சுற்று 60 மடங்கு நீண்டால் எண்ணைப் படிக்கும் தடவையும் அவ்வளவு குறையும். மூன்று நாளில் வந்தது அரை வருடத்துக்கு ஒன்றாகும். மூன்று வாரத்தில் எப்படிச் சிக்கும்?

வாளையார் பக்கம்:
எனக்கும் இதே பிரச்சினைதான். ஈஎஸ்பி32, லாக் நேரம் திடீரென்று பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. `noInterrupts` போட்டால் போதுமா?

சித்தூர் பழைய கை:
உங்களுடையது வேறு. நேரம் பூஜ்யமானால் போர்டு ரீசெட் ஆகிறது. ஆன் ஆனதும் `esp_reset_reason()` என்ன சொல்கிறது என்று முதல் வரியிலேயே பிரிண்ட் செய்யுங்கள். ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் சரிகிறதா என்றும் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மூன்று வரியும் போட்டு இரண்டு மாதம் ஓடியது. போன வாரம் ஒருமுறை நின்றது. நான் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் போய், அரேயில் இருந்ததும் போய்விட்டது. ERROR வந்தால் மட்டும் கடைசி எட்டு வரியை ஈப்ராமில் எழுதலாம் என்று இருக்கிறேன். எலக்ட்ரீஷியன் அண்ணா சொன்ன கெப்பாசிட்டரும் வாங்கிவிட்டேன்.