புதுப்பிப்பு: 37 கிலோவாட் மோட்டாருக்கு 16 சதுர மி.மீ. கேபிள் போதுமா?

என் கேள்வி: "66 ஆம்பியர் மோட்டார், 415 வோல்ட், 250 மீட்டர், டிரேயில் மூன்று கேபிள்கள் ஒட்டிக் கிடக்கின்றன, சூழல் வெப்பம் 45 டிகிரி. 16 சதுர மி.மீ. செம்பு எக்ஸ்எல்பிஇ போதுமா?"

வெப்பக் காரணி 0.87, குழுக் காரணி 0.82, இவற்றால் 66ஐ வகுத்தால் சுமார் 93 ஆம்பியர் வருகிறது. துளையிட்ட டிரேயில் 16 சதுர மி.மீ. 100 ஆம்பியர் தாங்கும் என்பதால், வெப்பத்தைப் பொறுத்தவரை அது போதும். மின்னழுத்த இறக்கத்துக்கும் 93ஐயே எடுக்கலாம் என்றார் ஒருவர். அங்கே உண்மையில் ஓடும் 66 ஆம்பியரைத்தான் எடுக்க வேண்டும் என்று மூத்த பொறியாளர் திருத்தினார். அப்படிக் கணக்கிட்டும் 16இல் சுமார் 37 வோல்ட், அதாவது 9% இறங்குகிறது. 25இலும் 5% வரம்பு தாண்டுவதால் 35ஐத் தேர்ந்தெடுத்தேன், அதில் இறக்கம் சுமார் 4%தான். அலுமினியம் பற்றிக் கேட்டவருக்கு: இந்த எண்கள் செம்புக்கு மட்டுமே பொருந்தும். தொடக்க மின்னோட்டத்தின்போது ஏற்படும் இறக்கத்தை இன்னும் சரிபார்க்கவில்லை.