பெல் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்: அப்பா அம்மா வீட்டு டெலிவரி அனுபவங்கள்

கன்னங்குறிச்சி மகள்
அப்பாவுக்கு 81 வயது, வாக்கர் வைத்துத்தான் நடப்பார். நான் இருப்பது பெங்களூரு. பிரஷர் மாத்திரை ஆர்டர் போட்டு, குறிப்பில் "சைடு கேட், வேப்பமரம் எதிரில், வயதானவர், மெதுவாக வருவார்" என்று எழுதியிருந்தேன். கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா வராண்டாவின் கடைசிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டார், "இருப்பா, வந்துட்டேன்" என்கிறார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம். "வாடிக்கையாளர் இல்லை" என்று எனக்கு மெசேஜ் வருகிறது. ராத்திரி மாத்திரை இல்லாமலே படுத்தார். இன்னும் மனசு ஆறவில்லை. அந்தப் பையன் நின்றது கேட்டே இல்லாத பின்தெருவில். குறிப்பில் வேறு என்ன எழுதியிருக்க வேண்டும்?

ஐந்து ரோடு
லொகேஷன் சரியாக இருந்தால் குறிப்பே தேவையில்லைங்க. நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை, எல்லாம் ஒழுங்காக வருகிறது.

முன்னாள் டெலிவரி
ஐந்து ரோடு அண்ணா, உங்கள் வீடு மெயின் ரோட்டில் இருக்கும். நான் சேலத்தில் இந்த வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். மேப் வீட்டுக்குக் கூட்டிப்போகாது, குத்திய புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற ரோட்டுக்குத்தான் கூட்டிப்போகும். அக்கா வீட்டுக் கூரை நடுவில் குத்தியிருப்பார். அங்கிருந்து பின்தெரு நாலடி கிட்டே இருந்தால் வழி அங்கேதான் முடியும். முகவரியைத் திறந்து, சாட்டிலைட் படத்தில் பார்த்து, புள்ளியைக் கேட்டுக்கு வெளியே ரோட்டின் மேலேயே இழுத்து வையுங்கள்.

அடுத்தது குறிப்பு. வண்டி ஓட்டும்போது மேப்தான் திரையில் இருக்கும். குறிப்பை நிறுத்திய பிறகுதான் பார்ப்போம், அதிலும் முதல் வரிதான் கண்ணில் படும். அதனால் மேப் எங்கே தப்பு செய்கிறதோ அதை முதல் வரியில் சொல்லுங்கள். "வேப்பமரம் எதிரில்" என்றால் எந்தப் பக்கமிருந்து வருகிறவனுக்கு? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பின்தெருவில் கேட் இல்லை, அங்கே போக வேண்டாம். சின்னதிருப்பதி பக்கமிருந்து வந்தால் வாட்டர் டேங்க் தாண்டி இரண்டாவது இடது சந்து, பச்சை கேட். மரக்கடை வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். நாய் இல்லை. பெல் அடித்து 3 நிமிடம் நில்லுங்கள். ஓடிபி என்னிடம், எனக்கே கூப்பிடுங்கள்."

டேங்கும் மரக்கடையும் நானாகப் போட்டது, உங்கள் தெருவில் இருப்பதைப் போடுங்கள். "மெதுவாக வருவார்" என்றால் எங்களுக்கு அரை நிமிடம்தான் தோன்றும். நிமிடக் கணக்கு எழுதினால் நிற்போம்.

சூரமங்கலம்
எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டருக்கும் இதே தொல்லை. டெலிவரி கோடு என் நம்பருக்கு வரும், நான் ஷிப்டில் போன் எடுக்க முடியாது, அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஏஜென்சியில் நம்பரை மாற்றச் சொன்னால் நேரில் வா என்கிறார்கள். எல்லோரும் முதலில் பெற்றோர் நம்பரைப் பதிவு செய்யுங்கள். பெரிய எழுத்து தெரியும் போன் வாங்கிக் கொடுங்கள். மெசேஜைத் திறந்து நாலு எண்ணைப் படிக்கப் பழக்குங்கள், எப்படிப் பார்ப்பது என்று கேலண்டர் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டு நம்பரும் ஒன்று இருக்கட்டும்.

கன்னங்குறிச்சி மகள்
சூரமங்கலம், ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிற காலத்தில் அப்பாவை எண் படிக்கப் பழக்க எனக்குப் பயம். என்னிடமே இருக்கட்டும். முன்னாள் டெலிவரி தம்பி, புள்ளியைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரி மொட்டை மாடி மேல்தான் இருந்தது. "தாழ்ப்பாளைக் கைவிட்டுத் திறந்து உள்ளே வரலாம்" என்றும் சேர்க்கலாமா? அப்பாவுக்குப் படி இறங்குவது மிச்சமாகும்.

ஐந்து ரோடு
அதை மட்டும் எழுதாதீர்கள். வயதானவர், தனியாக இருக்கிறார், கேட் திறக்கும் விதம் இது என்று முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதா?

முன்னாள் டெலிவரி
"தனியாக" வேண்டாம், "வயதானவர்" கூட வேண்டாம், 3 நிமிடம் என்பதே போதும். தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் ஐந்து ரோடு அண்ணா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்டுக்குள் வர அனுமதி எழுதியிருந்தால்தான் வராண்டா வரை கொண்டுபோய்க் கொடுக்க முடியும், இல்லாவிட்டால் யாராவது சத்தம் போடுவார்கள் என்று வெளியேதான் நிற்போம்.

ஏற்காடு
மாமியார் வீடு ஏரியிலிருந்து மேலே, எஸ்டேட் ரோட்டில். "வெள்ளை வளைவு தெரியும்" என்று எழுதியிருந்தோம். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி எதுவும் தெரியாது, கொரியர்காரர் அதே ரோட்டில் மேலும் கீழும் போய் வந்தார். கடைசியில் பார்சலை மதில் மேல் வைத்துவிட்டு போட்டோ எடுத்து அனுப்பினார். குரங்கு அட்டையைக் கிழித்து, அத்தையின் சர்க்கரை மாத்திரைப் பட்டையை வாயில் வைத்திருந்தது! இப்போது முதல் வரியே "மதில் மேல் வைக்காதீர்கள், குரங்கு" என்பதுதான். அடையாளமாக ரோட்டை ஒட்டிய மைல்கல்லைச் சொல்கிறோம்.

நேரம் பற்றி யாரும் சொல்லவில்லையே? "1 முதல் 4 வரை தூங்குவார்" என்று எழுதினாலும் இரண்டு மணிக்குத்தான் வருகிறார்கள்.

முன்னாள் டெலிவரி
கொரியரில் காலையிலேயே அன்றைய வரிசை போட்டுவிடுவார்கள், குறிப்பைப் பார்த்து அதை மாற்ற முடியாது. மருந்துக்கடை, மளிகை மாதிரி உடனே வருவதென்றால் குறிப்பில் நேரம் எழுதாமல், அத்தை எழுந்த பிறகு ஆர்டர் போடுங்கள். கொரியருக்கு, அந்த நேரத்தில் வாங்கி வைக்க ஒரு வீட்டைச் சொல்லிவிடுங்கள்.

ஏற்காடு
பக்கத்து வீடே அரை கிலோமீட்டர் தள்ளி. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.